வரி நோட்டில் 180, கைக்கு வருவது 145

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இந்த ஆடிக் கொடைக்கு உன்னைப் பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நீ அனுப்பிய கணக்குத் தாளையும் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தேன். மொத்தச் செலவு 4,32,000 ரூபாய், வரி நோட்டில் 180 தலைக்கட்டு, ஆகவே தலைக்கட்டுக்கு 2,400 என்று போட்டிருக்கிறாய். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் இதை அப்படியே ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுக்க ஆரம்பித்தால், கொடை முடிந்த புதன்கிழமை காலையில் பந்தல்காரரும் சவுண்டு செட்காரரும் உன் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். 84,000 ரூபாய் துண்டு விழும். அது எங்கிருந்து வருகிறது என்று எழுதுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் தாளைத் திருத்திக்கொள்.

முதலில் அந்த 180-ஐப் பார்ப்போம். அது நோட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை. அத்தனை பேரும் முழு வரி கொடுப்பவர்கள் இல்லை. நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடு. ஊரிலேயே இருந்து முழு வரி கொடுப்பவர்கள் 130 பேர். சென்னை, திருப்பூர், மும்பை என்று வெளியூரில் இருப்பவர்கள் 28. கணவனை இழந்தவர்கள், தனியாக இருக்கும் பெண்கள் 14 பேருக்கு நம் ஊரில் அரை வரிதான். மீதி 8 வீடு இந்த வருஷம் துட்டி நடந்த வீடு; அவர்கள் கொடையில் கலந்துகொள்வதில்லை, நாமும் வரி கேட்பதில்லை. நான்கையும் கூட்டினால் 180 வரும்.

இப்போது போன மூன்று வருஷத்து ரசீதுக் கட்டைகளை எடு. ரசீதின் அடிக்கட்டையில் தேதி இருக்கும். கொடை நாளுக்கு முந்திய தேதி எது, பிந்திய தேதி எது என்று பிரித்தாலே ஊரின் பழக்கம் தெரிந்துவிடும். உள்ளூர் 130-ல் ஐந்தாறு வீடு எப்போதும் பிந்தும், ஆகவே 124. வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர்தான் கொடைக்கு முன்னால் அனுப்புவார்கள். மீதிப் பேர் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொடுப்பார்கள். ஆகவே 14. அரை வரி 14 பேர் என்றால் முழு வரிக்கு 7. மூன்றையும் கூட்டினால் 145. செவ்வாய்க்கிழமை இரவு சாமக்கொடை நடக்கும்போது உன் கையில் இருக்கப்போவது 145 முழு வரிதான். 145-ஐ 2,400 ஆல் பெருக்கினால் 3,48,000. உன் செலவில் இதைக் கழித்தால் நான் முதலில் சொன்ன 84,000 வந்துவிடும்.

அப்படியானால் 4,32,000-ஐ 145 ஆல் வகுத்து வரியை 3,000 ஆக்கிவிடலாமே என்று உனக்குத் தோன்றும். போன வருஷம் வரி 2,000. ஒரே வருஷத்தில் ஆயிரம் ஏற்றினால், தினக்கூலி வீடுகளில் பாதி தவணை கேட்கும், சில வீடு கொடுக்காமலே இருந்துவிடும். வரியை ஏற்ற ஏற்ற 145 என்ற எண்ணே 135, 130 என்று இறங்கும். நான் பார்த்த வரையில் வரி கூடும் வேகத்தில் வசூல் கூடியதே இல்லை. அதனால் வரியைத் தொடுவதற்கு முன்னால் செலவுப் பட்டியலில் உட்கார வேண்டும். அதில் நீ விட்டுவிட்டதும் உண்டு, அதிகமாகப் போட்டதும் உண்டு.

மண்டபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மதியக்கொடை அன்னதானத்துக்கு மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தை 35,000 ரூபாய்க்குப் பேசியதாக எழுதியிருக்கிறாய். அது முகூர்த்த நாள் வாடகை. ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை யார் வீட்டில் கல்யாணம் நடக்கப்போகிறது? நாம் எடுக்காவிட்டால் அன்றைக்கு அந்த மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். அது மண்டபக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் 25,000-க்குக் கேள், இறங்கி வருவார்.

ஆனால் வாடகையோடு மண்டபச் செலவு முடிவதில்லை. கரண்டுக்கு மீட்டர் பார்த்து யூனிட் கணக்கில் தனியாக வாங்குவார்கள். கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் டீசல். கூட்டிக் கழுவ ஆள் கூலி, எச்சில் இலை அள்ளிக்கொண்டு போகும் வண்டி, தொலைந்த கரண்டிக்கும் வாளிக்கும் பிடித்தம், இதெல்லாம் கடைசியில் சாவி கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்து சொல்வார்கள். பேசும்போதே ஒவ்வொன்றாகக் கேட்டு, ஜிஎஸ்டி உள்ளடக்கமா தனியா என்பதையும் கேட்டு, அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள். பாத்திரத்தை எண்ணி வாங்க ஒருவர், எண்ணிக் கொடுக்க அதே ஒருவர் என்று வை. இந்தச் சில்லறைக்கெல்லாம் 8,000 போட்டிருக்கிறேன். ஆக மண்டபம் 33,000.

மண்டபத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும்? அந்த மண்டபத்தில் 200 இலை. ஒரு பந்தி உட்கார்ந்து, எழுந்து, துடைத்து, அடுத்த பந்தி உட்கார முக்கால் மணி நேரம் ஆகும். 1,200 பேர் என்றால் ஆறு பந்தி, நாலரை மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி போட்டால் கடைசி ஆள் எழும்போது நாலரை. வாடகை எத்தனை மணி வரைக்கும் என்று கேட்காமல் விட்டால் நாலு மணிக்கே மேனேஜர் விளக்கை அணைக்க வருவார்.

அடுத்து சாப்பாடு. உன் தாளில் பெரிய தொகை இதுதான்: 1,500 இலை, இலைக்கு 100, மொத்தம் 1,50,000. அந்த 1,500 எப்படி வந்தது என்று கேட்டால் "கூடவே இருக்கட்டும் என்று" என்பாய். கூடவே இருக்க வேண்டியது அரிசியும் பருப்பும்தான், சமைத்த சோறு கூடினால் குழிதான் தோண்ட வேண்டும். எண்ணிப் பார். உள்ளூரில் முழு வரி, அரை வரி சேர்த்து 144 வீடு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 576. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிற 20 வீடு, வீட்டுக்கு ஐந்து என்றால் 100. கொடைக்குப் பிறந்த வீடு வரும் பெண்மக்கள், அவர்கள் பிள்ளைகள், சம்பந்தக்காரர்கள் 250. மேளக்காரர்கள், வில்லுப்பாட்டுக்காரர்கள், லைட் செட் பையன்கள், சமையல் ஆட்கள் 60. பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்களும் ரோட்டோடு போகிறவர்களும் 200. கூட்டினால் 1,186. ஆகவே 1,200 இலை. இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. போன வருஷம் எத்தனை இலைக்கட்டு வாங்கினோம், எத்தனை மிஞ்சியது என்று சமையல் சிட்டையில் இருக்கும். ஆள் எண்ணிக்கையை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இலைக்கட்டு ஒரே எண்ணைத்தான் சொல்லும்.

நீ போட்ட 100 ரூபாய் காண்ட்ராக்ட் விலை. அதில் 1,500 இலைக்குக் குறையாமல் பணம் தர வேண்டும் என்று பேச்சு இருக்கிறது. 1,200 பேர் சாப்பிட்டாலும் 1,500-க்குத்தான் கொடுப்பாய். நம் ஊருக்குப் பழைய வழிதான் சரி. தவசுப்பிள்ளையிடம் கூலி மட்டும் பேசு. அவர் சிட்டை எழுதிக் கொடுக்கட்டும், சாமானை நாம் வாங்குவோம். சாதம், சாம்பார், ரசம், மோர், அவியல், ஒரு பொரியல், அப்பளம், வடை, பாயசம் என்று வைத்தால் சாமான் இலைக்கு 60 ரூபாய், 1,200 இலைக்கு 72,000. தவசுப்பிள்ளைக்கும் அவர் ஆட்களுக்கும் கூலி 18,000. வணிகச் சிலிண்டர், இலை, தண்ணீர் லாரி 10,000. மொத்தம் ஒரு லட்சம்.

கூட்டம் அதிகமாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உனக்கு இருக்கும், நியாயம்தான். அதற்கு வழி அடுப்படியில் இருக்கிறது. இலைச் சாப்பாட்டுக்கு நூறு பேருக்குப் பன்னிரண்டரை கிலோ அரிசி என்று வை. 1,200 பேருக்கு 150 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை ஆறு. நீ எட்டு மூட்டை வாங்கு. பிரிக்காத மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு. முதல் ஈடாக நாலு மூட்டையை வடிக்கச் சொல். இரண்டாம் பந்தி முடியும்போது வாசலில் காத்திருக்கும் கூட்டத்தைத் தவசுப்பிள்ளையே வந்து பார்த்துவிட்டு அடுத்த ஈட்டை ஏற்றட்டும். ஏழாவது, எட்டாவது மூட்டை தேவைப்பட்டால்தான் வாய் திறக்கும். சாம்பாருக்கும் அப்படியே, பருப்பைக் கூடுதலாக வேகவைத்துத் தனியாக வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் இன்னொரு அண்டா கூட்டிவிடலாம்.

உபயமாக வரும் சாமானில் ஒரு கவனம் வேண்டும். நாலு வீட்டார் நாலு மூட்டை அரிசி கொடுத்தால் நாலும் நாலு ரகமாக இருக்கும். ஒன்று புழுங்கல், ஒன்று பச்சை, ஒன்று புதுசு, ஒன்று பழசு. ஒரே அண்டாவில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாமல் நிற்கும். அரிசி தருகிறேன் என்பவரிடம் பணமாக வாங்கு, அல்லது கடையையும் ரகத்தையும் நீயே சொல். பருப்பு, எண்ணெய் டின், வெல்லம், தேங்காய் இதெல்லாம் எத்தனை வீட்டிலிருந்து வந்தாலும் குழப்பம் இல்லை. பொருளாக வந்ததையும் கடை விலை போட்டு வரவில் எழுதி, அதே தொகையைச் செலவிலும் எழுது. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வருகிறவர் சாப்பாடு மலிவாக முடிந்தது என்று நினைத்துக் கணக்குப் போடுவார்.

அலங்காரத்துக்கு 1,10,000 போட்டிருக்கிறாய். பந்தல் 40,000, லைட்டும் சவுண்டும் 45,000, பூ 25,000. இதில் மண்டபத்து வாசலுக்கும் வாழைமரம், சீரியல் செட், சாமியானா என்று 15,000 ஒளிந்திருக்கிறது. நாலரை மணி நேரம், அதுவும் பட்டப்பகலில் சாப்பிட வருகிற இடத்துக்குச் சீரியல் செட் எதற்கு? இரண்டு வாழையும் மாவிலைத் தோரணமும் போதும். அவை நம் தோட்டத்திலேயே இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் 95,000.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். மூன்று இரவு லைட் எரிய கரண்டு எங்கிருந்து வரும்? கோயில் மீட்டரில் இத்தனையும் தாங்காது. கம்பத்தில் கொக்கி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அபராதம் உன் பெயருக்கு வரும், ஷாக் அடித்தால் உயிர் யார் பெயருக்கும் திரும்பி வராது. மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கட்ட வேண்டியதைக் கேட்டுக்கொள். நான் 6,000 ஒதுக்கியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் தொகையைப் போட்டுக்கொள். ஆக அலங்காரம் 1,01,000.

பூவை மட்டும் ரூபாயில் பேசாதே, எண்ணிக்கையில் பேசு. ஆடி மாசம் எல்லா அம்மன் கோயிலிலும் கொடை. தோவாளைச் சந்தையில் முந்தின நாள் விலையும் மறுநாள் விலையும் ஒன்றாக இருக்காது. "25,000-க்குப் பூ" என்று சொன்னால் விலை ஏறுகிற அன்று மாலை மெலிந்து வரும். அம்மனுக்கு இத்தனை மாலை, பரிவார தெய்வங்களுக்கு இத்தனை, கேந்தி இத்தனை கிலோ, பிச்சி இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்து, விலை ஏறினாலும் இறங்கினாலும் இதுதான் தொகை என்று பூக்காரரிடம் முடித்துவிடு. இன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூடக் கேட்பார். கொடுத்துவிடு, அது நஷ்டமில்லை.

பூஜைச் சாமான், மாக்காப்பு, பூசாரி சம்பளம் எல்லாம் 52,000. நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும் 85,000. இந்த 1,37,000-ல் கை வைக்க ஒன்றும் இல்லை. கடைசி நிமிஷக் கைச்செலவு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 19,000 தனியாக வைக்கிறேன். இப்போது தாள் இப்படி இருக்கும்:

பூஜை, மேளம், வில்லு: 1,37,000
பந்தல், லைட், பூ: 1,01,000
கைச்செலவு: 19,000
மண்டபம்: 33,000
சாப்பாடு: 1,00,000
மொத்தம்: 3,90,000

உன் தொகையிலிருந்து 42,000 குறைந்துவிட்டது, இத்தனைக்கும் நீ விட்ட செலவுகளையும் சேர்த்திருக்கிறோம்.

தாளின் நடுவில் ஒரு கோடு போடு. கோட்டுக்கு மேலே முதல் மூன்று இனங்கள், 2,57,000. அது கொடை. யார் என்ன தந்தாலும் தராவிட்டாலும் அது நடந்தாக வேண்டும். கோட்டுக்குக் கீழே மண்டபமும் சாப்பாடும், 1,33,000. அது கூட்டவும் குறைக்கவும் இடம் கொடுக்கிற செலவு. வரிப்பணம் முதலில் மேல்பகுதிக்கு, மிஞ்சியது கீழ்ப்பகுதிக்கு. இந்த வரிசை மாறுகிற வருஷங்களில்தான் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு மேளக்காரருக்குக் கடன் சொல்கிற நிலை வரும்.

வரி 2,200 என்று வைத்துப் பார். 145-ஆல் பெருக்கினால் 3,19,000. போன வருஷ இருப்பு 22,000. ஆக 3,41,000. கொடைச் செலவு 2,57,000 போக 84,000 மிஞ்சும். சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் இன்னும் 49,000 வேண்டும். அதை அன்னதான நன்கொடையாகக் கேட்க வேண்டும். வரியோடு சேர்க்காமல் தனி ரசீதுப் புத்தகம் போட்டு, வசதி உள்ள வீடுகளில் கேள். நம் ஊரில் 40,000-க்குக் குறைந்து வந்ததில்லை, ஒரு வருஷம் 60,000 கூட வந்தது. ஆனாலும் நம்பிக்கையைக் கணக்கில் எழுதாதே. கொடைக்கு எட்டு நாள் முன்னால் கால்நாட்டு அன்று இரவு நன்கொடைப் பணத்தை எண்ணு. கையில் 49,000 இருந்தால் தவசுப்பிள்ளையின் சிட்டைப்படி சாமான் வாங்கு. 35,000-தான் இருக்கிறது என்றால் வடையையும் பாயசத்தையும் எடுத்துவிடு; இலைக்குப் பன்னிரண்டு ரூபாய் வீதம் 14,400 குறையும், கணக்கு நேராகிவிடும். 20,000-கூட வரவில்லை என்றால் மண்டபமே வேண்டாம், கோயில் முன்பந்தலிலேயே பந்தி போடலாம். அதனால் மண்டப அட்வான்ஸ் சின்னத் தொகையாக இருக்கட்டும். கால்நாட்டு வரை ரத்து செய்யலாம் என்று பேசிக்கொள்.

ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை எலுமிச்சம்பழமும் படைப்புச் சாமானும் ஏலம் போகும்போது மைக்கில் கேட்கிற தொகை பெரிதாக இருக்கும். நம் ஊர் வழக்கப்படி அந்தப் பணம் அடுத்த கொடைக்குத்தான் வரும், அதுவும் முழுசாக வராது. அதில் ஒரு ரூபாயைக்கூட இந்த வருஷ வரவில் காட்டாதே. அதேபோல் பிந்தி வரும் 20 வரி, அதாவது 44,000, வந்தால் வரட்டும். அது அடுத்த வருஷத்து ஆரம்ப இருப்பு. இப்போது நீ வைத்திருக்கும் 22,000-கூட அப்படி வந்ததுதான்.

பணத்தை உன் சொந்த ஜிபே நம்பரில் வாங்காதே. உன் மளிகைக் கடைப் பணமும் அம்மன் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், நீ எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற கோயில் கணக்கின் க்யூஆர் கோடை அச்சடித்து ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டு. தினமும் இரவில் மூன்றைப் பார்: அடிக்கட்டையின் கூட்டுத்தொகை, வரி நோட்டில் டிக் போட்ட பெயர்கள், கையிலும் வங்கியிலும் உள்ள பணம். மூன்றும் ஒத்துவராவிட்டால் அன்றைக்கே தேடு. மறுநாள் விட்டால் யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பது வாய்ச்சண்டையாகிவிடும்.

வரி தராதவர் பெயரை மைக்கில் வாசிக்க இளவட்டங்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. வீட்டுக்குப் போய் ஒரு தடவை கேள், தவணை கேட்டால் கொடு, வரி தராத வீட்டுக்கும் மதியம் இலை உண்டு என்று நீயே சொல்லிவிட்டு வா. அந்த ஆறேழு வரிக்காக ஊரில் ஒரு பகையை வளர்த்தால் அதை எந்தக் கணக்கிலும் நேர் செய்ய முடியாது.

எட்டாம் பூஜை அன்று வரவு, செலவு, இருப்பு மூன்றையும் கோயில் சுவரில் ஒட்டிவிட்டு, எல்லார் முன்னிலையிலும் வாசி. ரசீது இல்லாத செலவை "இதற்கு ரசீது இல்லை" என்று சொல்லியே வாசி. எத்தனை இலை விழுந்தது, எத்தனை மூட்டை திரும்பிப் போனது என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை. அடுத்த பொருளாளருக்கு ரொக்க இருப்பைவிட அதுதான் உதவும்.

கூட்டத்தில் நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: முழு வரி 2,200, அரை வரி 1,100, அன்னதானத்துக்குத் தனி நன்கொடை, கால்நாட்டு அன்று சாப்பாட்டு முடிவு. 2,400 என்று எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் மாமா